‘அழகு’க்கு மாற்று: இன்னொரு பெயரா, ஒரு வினையா?

என் பழைய பயணக் கட்டுரை ஒன்றைத் திருத்த உட்கார்ந்தபோது, இரண்டே பக்கத்தில் ‘அழகு’ ஒன்பது முறை வந்திருந்தது. மாற்ற இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, எழில், கவின், வனப்பு, ரம்மியம் என்று வேறு பெயர் வைப்பது. மற்றொன்று, பெயரையே எடுத்துவிட்டு, கண்ணெதிரே நடந்ததைச் சொல்வது. பச்சைக் கம்பளம், வெள்ளியை உருக்கி ஊற்றிய அருவி போன்ற உவமைகளைப் போட்டியில் சேர்க்கவில்லை. அவை எப்போதோ தேய்ந்துவிட்டன.

முதல் வழியை ஒரேயடியாகத் தள்ள முடியாது. எழில் என்பதில் எழுச்சியும் வளர்ச்சியும் இருக்கின்றன. வனப்பு, பல உறுப்புகள் திரண்டு தரும் அழகு என்பார்கள் உரைகாரர்கள். உச்சியிலிருந்து பள்ளத்தாக்கை முழுதாகப் பார்க்கும் இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் இந்த வேறுபாடு இன்று வாசகர் காதில் விழுவதில்லை. ‘எழில் கொஞ்சும்’ என்று கேட்டுக் கேட்டு, எழிலும் அழகும் ஒன்றாகிவிட்டன.

நான் இரண்டாவது வழிக்குப் போனதற்குக் காரணம் ஒரே ஒரு சோதனை: வாக்கியத்தில் ஊர்ப்பெயரை மாற்றிப் பார்ப்பது. ‘ஆற்றங்கரை மிக அழகாக இருந்தது’ என்று எழுதியிருந்தேன். ‘ஆற்றங்கரை எழில் கொஞ்சியது’ என்று மாற்றினேன். எந்த ஆற்றின் பெயரை வைத்தாலும் இரண்டும் உட்கார்ந்துகொண்டன. அங்கே உண்மையில் எதைப் பார்த்தேன் என்று குறிப்பேட்டைப் புரட்டினேன். ‘நீர் வடிந்த இடத்தில் மணல் அறல் அறலாக வரியோடிக் கிடந்தது, மிதித்தால் கலைந்துவிடுமே என்று கரையோரமாகவே நடந்தேன்’ என்று எழுதினேன். வெள்ளம் புரளும் ஆற்றுக்கு இதைத் தூக்கி வைக்க முடியாது. பாறைக்கரைக்கும் ஒட்டாது. அழகு என்ற சொல் இல்லை. ஆனால் மிதிக்கத் தயங்கிய கால் அதைச் சொல்லிவிடுகிறது.

இதிலும் சறுக்கல் உண்டு. ஓடும் நீர் மணலில் விட்டுப்போகும் வரிதான் அறல். அது பலருக்குத் தெரியாது. அதனால்தான் ‘வரியோடி’ என்பதைப் பக்கத்திலேயே வைத்தேன். அகராதியைத் தேட வைக்கும் சொல் ஒரு பத்திக்கு ஒன்று போதும். அறல், எக்கர், விடர், சுனை என்று அடுக்கினால் அதுவும் எழில் கொஞ்சுவதைப் போலவே அலங்காரமாகிவிடும். (நானும் ஒரு கட்டுரையில் அடுக்கியிருக்கிறேன், இப்போது படிக்கக் கூசுகிறது.) வினைகளுக்கும் இதே கதிதான். மேகம் ‘தவழ்வது’ எப்போதோ தேய்ந்தாயிற்று. மலை முகட்டில் மேகம் சிக்கி நின்றதா, சரிவில் வழிந்ததா என்று பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

பனிமலைகளைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் எழுதியதில்லை. காலைப் புல்லில் இருப்பதையும் மலையை மூடிக் கிடப்பதையும் ‘பனி’ என்றே சொல்கிறோம். அங்கே வினைகள் மட்டும் போதாமல் போகலாம்.

திருத்தி முடித்தபோது ஒன்பதில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். அது உடன் வந்தவர் வாய்விட்டுச் சொன்ன ‘அழகு’.