ஓடிபி வரவில்லை என்று கைபேசியைக் கடையில் கொடுக்காதீர்கள்

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது; கோபம் இன்னும் ஆறவில்லை. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள ஒரு கைபேசி திருத்தும் கடையில் 6,500 ரூபாவைத் தொலைத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் படிக்கும் மகளின் விடுதிக் கட்டணத்தை வங்கிச் செயலியில் அனுப்ப முயன்றபோது, ஒருமுறைக் கடவு எண் வரவேயில்லை. வங்கிக் கிளையில் கேட்டேன். தங்கள் பக்கத்தில் செய்தி போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும் என்பதால், பழுது கைபேசியில்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கடைத் தம்பி கைபேசியை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, நெட்வேர்க் ஐசி போயிட்டுது, விட்டிட்டுப் போங்கோ" என்றார். அந்த நிதானமான குரலை நம்பி, திரைப்பூட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் 6,500 ரூபா வாங்கினார். எண் அப்போதும் வரவில்லை. இரண்டாம் முறை போனபோது சேமிப்பு நிரம்பிவிட்டது என்று சொல்லி, என்னைக் கேளாமலே பழைய படங்களை அழித்தார். மூன்றாம் முறை, "அது வங்கியின்ர பிழை" என்றவர் தலையை நிமிர்த்தவும் இல்லை.

அந்த நாள்களிலெல்லாம் மனைவியின் குறுஞ்செய்தியும் ரீலோட் செய்தியும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. மற்றவர்களின் செய்தி வந்து ஒரே ஓர் அனுப்புநரின் செய்தி மட்டும் வராவிட்டால், அது சிக்னலும் அல்ல, நிரம்பிய சேமிப்பும் அல்ல, ஐசியும் அல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நேற்று மருமகன் என் சிம்மைத் தன் பழைய பட்டன் போனில் போட்டு மறுபடியும் எண்ணைக் கேட்டான். சில நொடிகளில் வந்துவிட்டது. நாம் தடுத்துவைக்கும் அனுப்புநர்களின் பட்டியல் சிம்மில் அல்ல, கைபேசியில்தான் இருக்கிறது. பிறகு என் கைபேசியின் மெசேஜஸ் செயலியில், மேலே உள்ள படத்தைத் தொட்டு `Spam & blocked` என்பதைத் திறந்தான். பதினொரு கடவு எண்களும் அங்கே வரிசையாகக் கிடந்தன. அட்டை விளம்பரங்கள் தொல்லை தருகின்றன என்று சில மாதங்களுக்கு முன் அந்த அனுப்புநர் பெயரைத் தடுத்தவன் நானேதான். வங்கி விளம்பரத்தையும் கடவு எண்ணையும் ஒரே பெயரில் அனுப்புகிறது. தடையை நீக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிட வேலைக்குத்தான் 6,500 ரூபா.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. முதலில் நீங்கள் தடுத்துவைத்த அனுப்புநர்களின் பட்டியலைப் பாருங்கள். அழைப்பாளர் பெயர் காட்டும் செயலி வைத்திருந்தால் அதன் வடிகட்டியையும் பாருங்கள். பட்டன் போனில் கடித உறை மின்னிக்கொண்டிருந்தால் பழைய செய்திகளை அழியுங்கள். எண் தாமதமாகப் பல வந்தால் கடைசியாகக் கேட்டதை மட்டும் இடுங்கள். பூட்டு எண்ணை எவருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். நான் வங்கிச் செயலியின் கடவுச்சொல்லை இப்போதுதான் மாற்றினேன்.