ஒரு நியமனத் தீர்மானம், மூன்று வரைவுகள்

2024இல் ஒரு தனியார் கம்பெனியின் இயக்குநர் குழுத் தீர்மானத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். புதிதாக ஒருவரைக் கூடுதல் இயக்குநராக நியமிக்க வேண்டும். குழு கூடியது ஜூன் 12. அவர் பழைய வேலையிலிருந்து விடுபடுவது ஜூன் 15. இயக்குநராக இருக்கச் சம்மதிக்கும் DIR-2 படிவத்தில் அவர் கையெழுத்திட்டது ஜூன் 14. கம்பெனியில் தயாரான வரைவு ஒன்று, அவர்களுடைய ஆலோசகர் அனுப்பியது ஒன்று, நான் எழுதியது ஒன்று என மூன்று மேசையில் இருந்தன. மூன்றும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அவற்றின் பொருளைத் தமிழில் தருகிறேன்.

முதல் வரைவு: "அன்னாரைக் கூடுதல் இயக்குநராக நியமிப்பது குறித்து விவாதிக்கப்பட்டது. உறுப்பினர்கள் இசைந்தனர். உடனடியாக அமலாகும்படி நடவடிக்கை எடுக்கப்படும்."

இது கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறதே தவிர, தீர்மானம் அன்று. நியமனம் நடந்துவிட்டதா, இனிமேல்தான் நடக்குமா என்று கேட்டால் பதில் இல்லை. நடவடிக்கைக் குறிப்பை இறந்த காலத்திலும், தீர்மானத்தை நிகழ்காலத்திலும் எழுத வேண்டும் என்று கம்பெனி செயலாளர்கள் நிறுவனத்தின் எஸ்எஸ்-1 தரநிலை சொல்வது இதற்காகத்தான். "நியமிக்கிறது" என்ற ஒரு சொல் இந்த மூன்று வாக்கியங்களும் செய்யாத வேலையைச் செய்துவிடும்.

ஆலோசகரின் வரைவு நேர் எதிர். "2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 149, 152, 161ஆம் பிரிவுகள், பொருந்தக்கூடிய ஏனைய பிரிவுகள் ஏதுமிருப்பின் அவை, அவற்றின் கீழான விதிகள் ஆகியவற்றுக்கிணங்க" என்று தொடங்கி, ஏழாவது வரியில்தான் ஆளின் பெயர் வருகிறது. இந்த நடைக்கு ஒரு நன்மை உண்டு: வங்கி அதிகாரியும் கம்பெனிப் பதிவாளர் அலுவலகமும் பார்த்துப் பழகியது, எவரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஆனால் இத்தனை பிரிவுகளை அடுக்கியும், அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்லவில்லை.

161(1)ஐ நிதானமாகப் படித்தால் இது விளங்கும். கூடுதல் இயக்குநரை நியமிக்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவு குழுவுக்கு நேரே தருவதில்லை. கம்பெனியின் உள் நிர்வாகத்துக்கான சங்க நடைமுறை விதிகள் அந்த அதிகாரத்தைக் குழுவுக்கு வழங்கலாம் என்றுதான் சொல்கிறது. விதிகளில் அப்படியொரு வரி இல்லையென்றால், பிரிவு எண்ணை எத்தனை முறை எழுதினாலும் பயன் இல்லை. ஆகவே விதிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தக் கம்பெனி, சட்டத்திலுள்ள மாதிரி விதித் தொகுப்பான அட்டவணை எஃப்-ஐ அப்படியே ஏற்றிருந்தது. அதில் 66ஆம் விதி இந்த அதிகாரத்தைத் தருகிறது. விதிகளில் நிர்ணயித்த உச்ச எண்ணிக்கையை மொத்த இயக்குநர்கள் தாண்டக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. அதையும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். இனி 149, 152 எதற்கு? எடுத்துவிட்டேன்.

தேதியில்தான் இரண்டு வரைவுகளும் ஒரே குழியில் விழுந்தன. இரண்டிலும் "உடனடியாக". கூட்டத்தின் நாளா, குறிப்பில் தலைவர் கையெழுத்திட்ட நாளா? கூட்டத்தின் நாள் என்றே கொண்டாலும், ஜூன் 12இல் இயக்குநராகிவிட்டவரின் சம்மதம் 14இல் வருகிறது. சம்மதம் நியமனத்துக்கு முன்போ அன்றோ வந்திருக்க வேண்டும். பழைய வேலையிலும் அவர் அப்போது இருக்கிறார். நியமனத்தைத் தெரிவிக்கும் DIR-12 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் 30 நாள் கணக்கும் நியமன நாளிலிருந்தே ஓடும். சம்மதக் கடிதத்துக்கு முன்தேதி போட்டுவிடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதற்கு நான் உடன்படவில்லை. வருங்காலத் தேதியைக் குழு தாராளமாக நிர்ணயிக்கலாம் என்னும்போது பொய்த்தேதி எதற்கு?

சம்மதமும் வந்து, பழைய வேலையும் முடிந்த பிறகு வரும் ஒரு நாளை வைத்து நான் எழுதியது இது:

"இயக்குநர் குழு, ... (இயக்குநர் அடையாள எண் ...) அவர்களை 2024 ஜூன் 17 முதல் கம்பெனியின் கூடுதல் இயக்குநராக நியமிக்கிறது. சங்க நடைமுறை விதிகளின் 66ஆம் விதி, கம்பெனிகள் சட்டம் 2013 பிரிவு 161(1) ஆகியவற்றின் கீழ் இந்த நியமனம் செய்யப்படுகிறது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும் நாள், அல்லது அது நடந்திருக்க வேண்டிய கடைசி நாள், இவற்றில் முந்தையது வரை அவர் பதவியில் இருப்பார்."

அடுத்த பத்தியில் DIR-12ஐ யார் தாக்கல் செய்வது என்பதைப் பதவிப் பெயருடன் எழுதினேன். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனி என்பதால், பொதுக்கூட்டம் நடக்காமல் போனாலும் செப்டம்பர் 30உடன் பதவி முடிந்துவிடும். அதனால்தான் பதவிக்காலத்தையும் விடாமல் எழுதினேன்.

ஆலோசகருக்கு இது மொட்டையாகத் தெரிந்தது. "தீர்மானிக்கப்பட்டது யாதெனில்" என்ற தொடக்கமாவது வேண்டும் என்றார். சேர்த்துக்கொண்டேன். அதனால் பொருள் கெடவில்லை. "ஏனைய பிரிவுகள் ஏதுமிருப்பின்" என்பதை மட்டும் சேர்க்க மறுத்தேன். எந்தப் பிரிவு பொருந்தும் என்று தேடி அறிவது வரைபவரின் வேலை. தீர்மானத்தின் சான்றளித்த நகலை மட்டும் கையில் வைத்துப் படிக்கும் வங்கி அதிகாரியிடம் அதைத் தள்ளிவிடக் கூடாது.

நகல் என்றதும் ஒன்று. வெளியே போகும் நகலுடன் கூட்டக் குறிப்பு போவதில்லை. கூட்டம் நடந்த தேதி குறிப்பின் தலைப்பில் மட்டும் இருந்தால் படிப்பவருக்கு அது கிடைக்காது. எனவே "2024 ஜூன் 12 அன்று நடந்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் நிறைவேறியது" என்று நகலின் தலைப்பிலேயே எழுத வைத்தேன். நிறைவேறிய நாள் 12, அமலாகும் நாள் 17.