யூரோ பில்லைப் பிப் கணக்கில் பார்ப்பது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ அப்பரும் தோலும் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்கள் பலர் யூரோவில் பில் போடுகிறார்கள். பணம் வந்ததும் பேங்கில் சொல்வது ஒரே ஒரு எண்தான்: யூரோவுக்கு இத்தனை ரூபாய். வருடக்கணக்கில் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்து வந்ததில் தெரிவது, அதற்குள் இரண்டு ரேட் இருக்கிறது என்பது. யூரோவுக்கு எத்தனை டாலர், டாலருக்கு எத்தனை ரூபாய். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் நம் ரேட்.

கணக்குக்காக EURUSD 1.0850, USDINR 83.50 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 90.5975 ரூபாய். யூரோ–டாலரில் நான்காவது தசம இடம் ஒன்று நகர்ந்தால், அதாவது 1.0850 என்பது 1.0851 ஆனால், அது ஒரு பிப். 40,000 யூரோ பில்லுக்கு ஒரு பிப் என்பது 4 டாலர், அதாவது 334 ரூபாய். இந்த ஒரு எண்ணைப் பில்லின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தால் போதும், மற்ற கணக்கெல்லாம் மனதிலேயே ஓடும். ஜப்பானிய யென்னுக்குப் பிப் இரண்டாவது தசம இடத்தில் வரும். டாலர்–ரூபாயைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் யாரும் பிப் என்பதில்லை, பைசாதான்.

இரண்டு ரேட்டும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. ரூபாய் ரொம்ப ஏறி இறங்கினால் ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியோ விற்றோ அந்த ஆட்டத்தைக் குறைக்கும். யூரோ–டாலருக்கு அன்றாடம் அப்படித் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. திரையில் 1.0850 / 1.0851 என்று நிற்கும். முதலாவது வாங்குகிறவர் தரும் விலை, இரண்டாவது விற்கிறவர் கேட்கும் விலை. ஐரோப்பாவில் வட்டி கூடும் என்ற எண்ணம் பரவினால், 1.0851-க்கு விற்க இருந்தவர்களின் யூரோ முழுவதும் வாங்கப்பட்டுவிடும். அடுத்த விற்பனை விலை 1.0852, அதுவும் தீர்ந்தால் 1.0853. ரேட் ஏறுவது இப்படித்தான், படி படியாக. முக்கியமான அறிவிப்பு வரும் நேரத்தில் விலை போட்டிருப்பவர்கள் விலகிக்கொள்வதால் நடுவில் பல படிகள் காலியாகிவிடும். ரேட் ஒரே தாவலில் பத்து இருபது பிப் போய்விடும்.

ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி முடிவு நம் நேரப்படி கோடையில் மாலை 5.45-க்கு, குளிர்காலத்தில் 6.45-க்கு வரும். அப்போது இங்கே பேங்க் கவுன்டர் மூடியிருக்கும். அன்று 1.0850 இருந்தது 1.0790 ஆனால் 60 பிப் இறக்கம். ரூபாய் அசையாமல் இருந்தாலும் மறுநாள் காலையில் அதே பில்லுக்கு 20,040 ரூபாய் குறையும். “ரூபாய் அப்படியேதானே இருக்கு, ரேட் ஏன் குறைஞ்சுது?” என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

பிப் கணக்கு உண்மையிலேயே கைகொடுப்பது பேங்க் மார்ஜினைப் பார்க்கத்தான். ரேட் புக் செய்யும்போது டீலரிடம், “சார், யூரோ–டாலர் எவ்வளவு, டாலர்–ரூபாய் எவ்வளவு?” என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். நாம் யூரோவை விற்கிறவர்கள் என்பதால் இரண்டிலும் முதல் விலைதான் நமக்கு. பெருக்கி வந்தது 90.5975, பேங்க் தருவது 90.35 என்றால் வித்தியாசம் சுமார் 25 பைசா. கேட்க அற்பமாகத் தெரியும். 40,000 யூரோவுக்கு அது 9,900 ரூபாய், ஏறக்குறைய 30 பிப். சந்தை 30 பிப் ஏறட்டும் என்று இரண்டு நாள் காத்திருப்பவர், அதே 30 பிப்பை மார்ஜினில் பேசாமல் விட்டுவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. சந்தை நம் கையில் இல்லை. மார்ஜினைப் பேசிக் குறைக்கலாம்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. போன் செயலிகள் பலவற்றில் ஐந்தாவது தசம இடமும் தெரியும். 1.08503 என்பதில் கடைசி 3 பிப் அல்ல, பிப்பில் பத்தில் மூன்று பங்கு. 1.08503 என்பது 1.08563 ஆனால் 6 பிப்தான் ஏற்றம். அதை 60 என்று படித்துவிட்டு அவசரமாகப் புக் செய்வது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்று தேதி. திரையில் தெரிவது ஸ்பாட் ரேட், இரண்டு வேலை நாள் கழித்துப் பணம் கைமாறும் கணக்கு. கணக்கில் இன்றே ரூபாய் வேண்டும் என்றால் பேங்க் தருவது கேஷ் ரேட். இங்கே வட்டி அதிகம் என்பதால் அது வழக்கமாக ஸ்பாட்டைவிடச் சில பைசா குறைவாக இருக்கும். அந்தச் சில பைசா மார்ஜின் அல்ல. எனவே “கேஷ்–ஸ்பாட் வித்தியாசம் இன்னிக்கு எவ்வளவு?” என்று மூன்றாவதாகக் கேட்டு, அதைக் கழித்த பிறகு மிச்சமிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.