வைஃபை பூஸ்டர் என்று 7,400 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படியுங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராது. தஞ்சாவூரில் பெரியப்பாவும் பெரியம்மாவும் தனியாக இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் மெல்போர்னில். ஞாயிற்றுக்கிழமை கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டால் பிள்ளைகளின் முகம் கட்டம் கட்டமாக உடையும், பாதிப் பேச்சில் அப்படியே நின்றுவிடும். தன் கண்ணில்தான் கோளாறு என்று பெரியம்மா கண் டாக்டரிடம் வேறு போய் வந்திருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. பையன் வீட்டுக்கே வந்தான், பெரியம்மா கொடுத்த மோரைக் குடித்தான், ஊஞ்சலை ஒட்டிய பிளக்கில் பூஸ்டரைச் செருகி, "பாருங்க தாத்தா, ஃபுல் சிக்னல்" என்று போனை நீட்டினான். கோடெல்லாம் நிறைந்திருந்தது. பெரியப்பா 7,400 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார். பில் கிடையாது, துண்டுச் சீட்டு.

அந்தக் கோடுதான் ஏமாற்று வேலையே. அது போனுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் உள்ள சிக்னலைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பூஸ்டருக்கே ரவுட்டரிலிருந்து அரைகுறையாக வந்தால், அந்த அரைகுறையைத்தான் அதுவும் தள்ளிவிடும்.

படம் அப்படியேதான் உடைந்தது. போன் செய்தால் முதல் தடவை "ஆஸ்திரேலியா பக்கம் நெட் ஸ்லோவா இருக்கும் தாத்தா", அடுத்த தடவை "பிளானை மாத்துங்க", மூன்றாவது தடவை "பெட்டியைப் பிரிச்சாச்சே, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்". அப்புறம் போனையே எடுக்கவில்லை.

போன வாரம் நான் போய்ப் பார்த்தேன். ரவுட்டர் உள்ளறையில் இரும்பு பீரோவின் மேல், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் கிடக்கிறது! நடுவில் ஒன்றரை அடிக் கனத்தில் இரண்டு பழைய சுவர்கள். பீரோ பக்கத்தில் நின்று fast.com தளத்தில் நெட் வேகம் பார்த்தால் 38 Mbps, ஊஞ்சலில் 1.5. ஆக லைனில் குறை இல்லை, வைத்த இடம்தான் குறை. ஃபைபர் வந்து சேரும் பெட்டியைத் தொடவில்லை, அந்த மெல்லிய கேபிள் மடங்கினால் போச்சு. 350 ரூபாய்க்கு 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, ரவுட்டரை மட்டும் கூடத்து மர அலமாரி மேல் கொண்டுவந்து வைத்தேன். பூஸ்டரைப் பிடுங்கிவிட்டேன். ஊஞ்சலில் 34 வந்தது.

அன்றைக்கே கால் போட்டோம். பெரியம்மா போனைக் கிட்டே இழுத்து, "ஏண்டி, முன்பல் எங்கே?" என்றார். "அது விழுந்து ரெண்டு மாசம் ஆச்சு பாட்டி." பெரியப்பா ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சலில் முடியவில்லை. ரவுட்டர் பக்கத்தில் ஒரு தடவை, உட்காரும் இடத்தில் ஒரு தடவை வேகம் பாருங்கள். பீரோ, அண்டா, டிவிக்குப் பின்னால் ரவுட்டரை வைக்காதீர்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். அந்த 7,400 ரூபாய் பூஸ்டரைத் தூக்கிப் போடவும் பெரியப்பாவுக்கு மனசில்லை, துணியில் சுற்றி அதே பீரோவுக்குள் வைத்திருக்கிறார்.