பாலத்தில் ஜாம் ஆன பிஸ்டன்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸில். பினாங்குப் பாலத்தைத் தினமும் இரண்டு முறை கடக்க வேண்டும். 11 வருடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிளில் போய்வந்தேன். போன வருடம் அதை விற்றுவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் கப்சாய் ஒன்றை வாங்கினேன். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: தினசரி ஓட்டத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான். மனசு இன்னும் டூ ஸ்ட்ரோக் பக்கம் இருக்கிறது, அது வேறு கதை.

எல்லாரும் சொல்வதைச் சட்டென்று முடித்துவிடலாம். டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, பாகங்கள் குறைவு, அதே சிசிக்கு இழுவை கூடுதல். கிராங்க் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஒரு முறை வெடிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. பெட்ரோல் செலவில் ஃபோர் ஸ்ட்ரோக் ஜெயிக்கிறது. என் பழைய வண்டி லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தந்தது, புதியது 40-ஐத் தாண்டுகிறது. பெட்ரோலோடு சேர்த்து எரிக்கும் 2டி எண்ணெய்க்கு ஆன காசு இந்தக் கணக்கில் இல்லை.

இந்த வித்தியாசம் எல்லாமே ஒரே இடத்தில் தொடங்குகிறது: எரிந்த புகையை சிலிண்டரிலிருந்து வெளியே தள்ளுவது யார்?

ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதற்கென்றே பிஸ்டன் ஒரு முழுப் பயணம் மேலே வருகிறது. எக்ஸோஸ் வால்வு திறந்திருக்க, புகையைத் தானே தள்ளிவிடுகிறது. அப்புறம்தான் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை உள்ளே வருகிறது. வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் சாதாரண கப்சாயில் கொஞ்சம்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் அப்படித் தனிப் பயணம் கிடையாது, வால்வும் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸோஸ் போர்ட் திறக்கிறது, அழுத்தத்தில் இருந்த புகை பாய்ந்து வெளியேறுகிறது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் திறக்கின்றன. இதற்குள் பிஸ்டனின் அடிப்பக்கம் கிராங்க்கேஸில் இருந்த புதுக் கலவையை அழுத்தி வைத்திருக்கும். அது மேலே பொங்கி வந்து, மிச்சமிருக்கும் புகையைத் தள்ளுகிறது. அதாவது புதுக் கலவையையே துடைப்பமாக வைத்துப் பெருக்குகிறோம். வாசலும் திறந்தே இருக்கிறது. துடைப்பத்தில் பாதி வெளியே போகாமல் இருக்குமா?

அதைக் குறைக்க ஜெர்மானியப் பொறியாளர் அடால்ஃப் ஷ்னூர்லெ 1920களில் ஒரு வழி கண்டார். டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளை எக்ஸோஸுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துச் சாய்த்துவிட்டார். கலவை பின்சுவரில் மோதி, மேலே ஏறி, வளைந்து இறங்கிவந்து புகையைத் தள்ளும். நம் ஊர் டூ ஸ்ட்ரோக் எல்லாம் இதே முறைதான்.

மிச்ச வேலையை அந்த வயிறு பெருத்த எக்ஸோஸ் செய்கிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் பந்தய வண்டிகளுக்காக வால்டர் காடன் தேற்றியெடுத்த வடிவம் அது. குழாய் அகலும் இடத்தில் அழுத்த அலை உறிஞ்சலாகத் திரும்பிவந்து, சிலிண்டரிலிருந்து புகையை இழுக்கிறது. குறுகும் இடத்தில் மோதிய அலை அழுத்தமாகத் திரும்பிவந்து, வெளியே ஓடிய கலவையை போர்ட் மூடுவதற்குள் உள்ளே திணிக்கிறது. சங்கடம் என்னவென்றால், அலை போய்வரும் நேரம் ஏறக்குறைய மாறுவதில்லை, இன்ஜின் வேகம்தான் மாறுகிறது. 8,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லிசெகண்ட். டிரான்ஸ்ஃபர் போர்ட் 120 டிகிரி திறந்திருந்தால் 2.5 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். 4,000-இல் அது 5 ஆகிவிடும், அலையோ முன்கூட்டியே வந்து நிற்கும். அதனால்தான் குறைந்த ஆர்பிஎம்மில் இருமிக்கொண்டிருந்த வண்டி ஆர்பிஎம் ஏறியதும் திடீரென்று உதைத்துக்கொண்டு கிளம்புகிறது. நாங்கள் மயங்கியதே அந்த உதைக்குத்தான்.

கிராங்க்கேஸே பம்ப் என்பதால் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி அங்கே எண்ணெய் ஊற்றி வைக்க முடியாது. எண்ணெய் கலவையோடு வந்து, பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு எரிந்துபோக வேண்டும். கிராங்க்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல் காற்றுப் புகாமல் பிடித்திருக்க வேண்டும். பராமரிப்பில் எனக்கு எல்லாமே அந்த இரண்டு சீலில் வந்து நின்றது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை, பாலத்தின் நடு உயரத்தை நோக்கி முழு த்ராட்டிலில் ஏறிக்கொண்டிருந்தேன். சத்தம் கொஞ்சம் தட்டையானது, வேகம் தானாகக் குறைந்தது, அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை பழக்கத்தில் கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. ஓரத்தில் இருபது நிமிடம் நின்ற பிறகு கிக்கர் இறங்கியது.

போர்மேன் அண்ணன் சிலிண்டரைக் கழற்றிக் காட்டினார். எக்ஸோஸ் பக்கம் பிஸ்டனில் நகத்தால் கீறினமாதிரி கோடுகள், பிளக் முனை சுண்ணாம்பு வெள்ளை. "ரெண்டு வாரமா த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்க லேட்டாகுதா தம்பி?" என்று கேட்டார். ஆமாம், ஆகியிருந்தது. கார்புரேட்டர் சரியில்லை என்று நினைத்து ஐட்லிங்கைக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். மேக்னட் பக்கத்து சீல் இறுகி, அந்த வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. காற்று கூடினால் எரிப்புச் சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்வும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் அடையாளம் வேறு: கியர் எண்ணெயை இன்ஜின் உறிஞ்சும், வெள்ளைப் புகை வரும், கியர் எண்ணெய் மட்டம் காரணமில்லாமல் இறங்கும்.

போர்ட்டுகளை எல்லாம் அடைத்து, கிராங்க்கேஸில் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கியது. சீல் இரண்டும் புதிது, சிலிண்டரைக் கடைந்து 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கேஸ்கெட். சீல் காசு அற்பம். கவனிக்காமல் விட்டதற்குத்தான் தண்டம். புது கப்சாயில் நான் செய்வது எண்ணெய் மாற்றுவதும், எப்போதாவது வால்வு இடைவெளி பார்ப்பதும்தான். எண்ணெய் வற்றவிட்டால் அதுவும் சாகும், ஆனால் டிப்ஸ்டிக் முன்கூட்டியே சொல்லிவிடும். புது வண்டி ஒரு வருடம்தான் ஆகிறது. 11 வருடம் கழித்து இதையே சொல்வேனா தெரியாது.

டூ ஸ்ட்ரோக் சாலையிலிருந்து மறைந்ததற்கும் அந்தத் திறந்த வாசல்தான் காரணம். கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோலில் நல்ல ஒரு பங்கு எரியாமலே வெளியேறியது, கூடவே எண்ணெய்ப் புகை. மாசு விதிகள் இறுக இறுக அதைச் சமாளிக்க முடியவில்லை. போர்ட் மூடிய பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷனால் சரிசெய்யலாம். ஆனால் அந்தச் செலவைப் போட்டால் மலிவு, எளிமை என்ற சாதகமே போய்விடும். பந்தயத்திலும் 2002-இல் மோட்டோஜிபி ஃபோர் ஸ்ட்ரோக்குக்குத் திரும்பியது. 125 பிரிவு 2011 வரை தாக்குப்பிடித்தது. நம் ஊரில் 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்இசட்டும் அதே 2011-இல் நின்றது.

மறுவிற்பனையில் மட்டும் டூ ஸ்ட்ரோக் சிரிக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ்இசட் புது கப்சாய் விலையைத் தாண்டுகிறது. என் வண்டியை புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த ஒரு பையன் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டான். சீல் எப்போது மாற்றினேன், ஆர்பிஎம் எப்படி இறங்க வேண்டும் என்றெல்லாம் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டான்: "எக்ஸோஸ் ஒரிஜினலா அங்கிள்?"