முட்டியா, இடுப்பா? இறுகிய கால்களுக்கு எந்த இருக்கை

அக்காவும் நானும் ஒரே கூட்டு வழிபாட்டில் தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்தோம். அவளுக்கு 59 வயது, எனக்கு 46. எழுந்திருக்கும்போது இருவருமே "முட்டி பிடிச்சுக்கிச்சு" என்போம். அதனால் இருவருக்கும் ஒரே மருந்து போதும் என்று நினைத்து, தடிமனான தலையணை இரண்டு எடுத்துக்கொண்டோம். எனக்கு ஒரு வாரத்தில் குறைந்தது. அவளுக்குக் கூடியது. நான் இயன்முறை மருத்துவம் படித்தவன். அப்படியிருந்தும் வீட்டு ஆளைச் சோதித்துப் பார்க்காமல் யோசனை சொன்னது என் தப்பு.

இருவருக்கும் இறுகியிருந்த இடம் ஒன்றல்ல என்பதுதான் விஷயம். சம்மணத்தில் தொடை வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்புவது இடுப்பு மூட்டின் வேலை, ஏனென்றால் அது கிண்ணத்துக்குள் பந்து வைத்தது போன்ற அமைப்பு. முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளும், கொஞ்சம்தான் திருகும். இடுப்பு போதுமான அளவு திரும்பாவிட்டால் முட்டி அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைக் கீழே கொண்டுவரக் கையால் அழுத்துகிறோம், அல்லது நேரம் போகப்போகக் காலின் எடையே அழுத்துகிறது. இடுப்பு தராத திருகலை அப்போது முழங்கால் தர வேண்டியிருக்கிறது. நன்றாக மடங்கிய நிலையில் இப்படித் திருகும்போது உள்பக்க ஜவ்வின் பின்பகுதி இரண்டு எலும்புகளுக்கும் நடுவே நசுங்கும், வெளிப்பக்கத் தசைநார் இழுபடும். இது முதல் வகை. இதில் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது, இடுப்பின் குறையை அது சுமக்கிறது. இரண்டாம் வகையில் முழங்காலே மடங்க மறுக்கிறது. தேய்மானம், உள்ளே நீர் கோத்தல், பழைய அடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். முதல் வகைக்கு ஏற்ற இருக்கை இரண்டாம் வகைக்கு உதவாமல் போகலாம்.

எது என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள முடியும். கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு குதிகாலைப் புட்டத்தை நோக்கி நேராக இழுத்துப் பாருங்கள். திருகல் எதுவும் வேண்டாம், வெறும் மடக்கம். குதிகாலுக்கும் புட்டத்துக்கும் இடையே ஒரு கைமுட்டி அளவு இடைவெளிக்குள் வலியில்லாமல் வந்துவிட்டால் மடக்கம் பரவாயில்லை. ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டாலோ முட்டியின் பின்பக்கம் அடைத்ததுபோல் இருந்தாலோ குறை முழங்காலில்தான். அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கணுக்காலை மறு தொடைமேல் வையுங்கள். முட்டி உயரத்தில் நிற்க, புட்டத்திலோ தொடை இடுக்கிலோ இழுப்புத் தெரிந்தால் இடுப்பு இறுகியிருக்கிறது. முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சுருக்கென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அழுத்திப் பார்க்க வேண்டாம்.

எனக்குக் குதிகால் எளிதாக வந்தது, முட்டிதான் கீழே இறங்க மறுத்தது. அக்காவுக்கு வலது குதிகால் ஒரு சாணுக்கு முன்பே நின்றது. இனி இருக்கைகளைப் பார்க்கலாம்.

வெறும் தரையில் சம்மணத்தை இந்த ஒப்பீட்டின் அடிக்கோடாக வைத்துக்கொள்வோம். முழங்கால் 120 டிகிரிக்கு மேல் மடங்கி, கூடவே திருகலும் சேர்வது இதில்தான். அர்த்த பத்மாசனமும் பத்மாசனமும் இதைவிடக் கடினம், பாதத்தைத் தொடைமேல் ஏற்றுவதில் திருகல் இன்னும் கூடுகிறது. இறுகிய கால்களுக்கு அவை பேச்சிலேயே வேண்டாம்.

உயரமான திண்டின்மேல் சம்மணம் போடுவது முதல் வகைக்கு நல்ல தீர்வு. இடுப்பு எலும்பு உயர்ந்தால் தொடை கீழ்நோக்கிச் சரியும், இடுப்பு குறைவாகத் திரும்பினாலும் முட்டி தாழ்ந்து நிற்கும். இங்கே பலரும் தவறுவது உயரத்தில். தலையணை பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். பார்வைக்கு 15 செ.மீ. இருந்தாலும் உட்கார்ந்தால் 5 செ.மீ.தான் மிஞ்சும். நான் கெட்டியான போர்வைகளை மடித்து அடுக்கினேன். மூன்று போர்வையில் 10 செ.மீ. வந்தது, அப்போதும் முட்டி இடுப்பைவிட உயரத்திலேயே நின்றது. ஐந்தாக்கியதும் 17 செ.மீ. ஆனது, முட்டி இடுப்புக்குக் கீழே இறங்கியது, முதுகும் தானாக நிமிர்ந்தது. முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதுதான் அளவுகோல், எத்தனை செ.மீ. என்பது ஆளுக்கு ஆள் மாறும். திண்டின் முன்விளிம்பில் உட்காருவது நல்லது, நடுவில் அமர்ந்தால் தொடைக்கடியில் திண்டே முட்டுக்கட்டை ஆகிவிடும். முட்டி இன்னும் அந்தரத்தில் தொங்கினால் தொடையின் வெளிப்பக்கத்துக்கு அடியில் ஒரு சின்னத் திண்டு கொடுங்கள். தாங்கப்பட்ட கால் தளரும். தொங்கும் கால் தன்னைத்தானே திருகிக்கொள்ளும். கால்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல், ஒன்றன்முன் ஒன்றாகத் தரையில் வைப்பதும், பாதியில் எந்தக் கால் முன்னால் இருக்கிறது என்று மாற்றுவதும் இதனோடு சேர்ந்த வேலைகள்.

அக்காவுக்கு ஏன் இது உதவவில்லை? உயர்த்தியதும் திருகல் குறைந்தது, மடக்கமும் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் அவள் முழங்கால் விரும்பும் எல்லையைவிட அது இன்னும் அதிகம். அமுங்கும் தலையணையில் சாய்ந்தாடும் உடலைச் சமன் செய்யப்போய் வலது காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டும் இருந்தாள்.

அடுத்தது வஜ்ராசனம். "வஜ்ராசனம் முட்டிக்கு நல்லது, அதில் உட்காருங்கள்" என்று யோகா வகுப்பில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. இதில் திருகல் இல்லை, இரு முட்டியும் நேராக மடங்குகின்றன. ஆனால் மடக்கம் சம்மணத்தைவிட அதிகம், 150 டிகிரியை ஒட்டிப் போகும். ஆகவே இடுப்பு இறுகி முட்டி நன்றாக இருப்பவருக்கு ஏற்றது, முட்டி இறுகியவருக்கு ஆகவே ஆகாது. மற்றவர்களுக்கும் குதிகால்மேல் எடை போடாமல், முன்பக்கம் லேசாகச் சரிந்த குட்டை மணை ஒன்றைக் கால்களுக்கு மேலே வைத்து அதில் உட்காருவது மேல். 15 முதல் 20 செ.மீ. உயரம் போதும், மடக்கம் நன்றாகவே குறைந்துவிடும். கணுக்காலின் முன்பக்கம் வலித்தால் ஒரு துண்டைச் சுருட்டி அடியில் கொடுக்கலாம். எனக்கு இது திண்டைவிட வசதியாக இருந்தது, ஆனால் முட்டியின் முன்பக்கம் தரையில் அழுந்துவதால் 20 நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. அங்கே வீக்கம் தொட்டுணரும்படி வந்தால் அந்த இருக்கையை விட்டுவிட வேண்டும்.

நாற்காலிக்கு வருவோம். அக்காவுக்கு இதைச் சொன்னபோது முதலில் முகம் சுருங்கியது.

"எல்லாரும் கீழே, நான் மட்டும் நாற்காலியிலயா? வேண்டாம்டா தம்பி."

"கீழே உட்கார்ந்து முட்டியையே நினைச்சிட்டு இருக்கிறதுக்கு மேலே உட்கார்ந்து மனசு நிக்குமே அக்கா."

சம்மதித்தாள். நாற்காலியில் மடக்கம் 90 டிகிரி மட்டும்தான், திருகலும் இல்லை. ஆனால் பத்து நாளில் வேறு புகார் வந்தது. உள்பக்க வலி போய், இப்போது முட்டிச்சில்லுக்கு அடியில் கனம். அளந்து பார்த்தேன். முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அவளுக்கு 41 செ.மீ. நாற்காலி 40 செ.மீ. என்றாலும் அதன் பஞ்சு மெத்தை அமுங்கி 36 செ.மீ.க்கு இறங்கியிருந்தது. அதனால் மடக்கம் 90ஐத் தாண்டிவிட்டது. அதே கோணத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே அழுத்தம் நீடித்துக்கொண்டே இருக்கும். சினிமா கொட்டகையில் நீண்ட நேரம் உட்கார்ந்தவர் எழும்போது முட்டியைத் தேய்க்கிறாரே, அந்தக் கதைதான். அமுங்காத பலகைத் திண்டு ஒன்றைப் போட்டு இருக்கையை 45 செ.மீ. ஆக்கினோம். பாதத்தைச் சற்று முன்னால் நீட்டிவைத்து, கால் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு காலையும் நேராக நீட்டி மடக்கச் சொன்னேன். உயரமான இருக்கையில் எழுவதும் எளிது. தாழ்வான மோடாவில் உட்கார வசதியாக இருக்கும், எழும்போதுதான் முட்டி அதற்கான விலையைக் கொடுக்கும்.

கடைசியாகக் கால் நீட்டி உட்காருவது. முழங்காலுக்கு இதைவிடச் சாந்தமான நிலை தரையில் இல்லை. ஆனால் தொடையின் பின்தசை இறுகியவருக்கு முதுகு கூன்விடும், பத்து நிமிடத்தில் இடுப்பு நோகும். சுவரில் சாய்ந்து, புட்டத்துக்கடியில் திண்டு வைத்தால் சமாளிக்கலாம். முட்டி முழுதாக நீளாதவர் அடியில் சுருட்டிய துண்டு வைக்கலாம், ஆனால் படுக்கும்போதும் அப்படியே வைத்துப் பழகினால் முட்டி பாதி மடங்கியபடியே நின்றுவிடும்.

என் கணக்கு இதுதான்: முட்டி நன்றாக மடங்கி இடுப்பு மட்டும் இறுகினால் உயர்ந்த திண்டு, மாற்றாகக் குட்டை மணை. முட்டியே மடங்காவிட்டால் நாற்காலி, இடையிடையே கால் நீட்டல். இரண்டும் இறுகினால் தயங்காமல் நாற்காலி. மூட்டு மாற்று அறுவை செய்தவர் தரையில் உட்காருவதைப் பற்றித் தனக்கு அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

தரை இருக்கைகள் எல்லாவற்றிலும் இன்னொரு ஆபத்து உண்டு. முட்டியின் வெளிப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே, தோலுக்கு மிக அருகில், பாதத்தைத் தூக்கும் நரம்பு எலும்பைச் சுற்றி ஓடுகிறது. நீண்ட நேரம் அழுந்தினால் கால் மரத்துப்போகும். நிலையை மாற்றியதும் ஓரிரு நிமிடத்தில் சரியானால் பயமில்லை. ஆனால் மரத்த காலோடு சட்டென்று எழ வேண்டாம். முதலில் கையால் கெண்டைக்காலைப் பிடித்து மெதுவாக நீட்டி, பாதத்தை மேலே கீழே பத்து முறை அசைத்து, உணர்வு வந்த பிறகு ஒரு முட்டியும் ஒரு பாதமும் ஊன்றி, எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தொய்ந்து தரையில் உரசினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். முட்டி நடுவில் பூட்டிக்கொண்டு நீள மறுத்தாலும், மறுநாள் வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படித்தான். அக்காவுக்கு இவை எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் குதிகால் சோதனையை மறுபடி செய்தோம். வலது குதிகால் முன்பு நின்ற அதே இடத்தில்தான் நின்றது, ஆனால் எழும்போது வலி இல்லை. நாற்காலி முட்டியைக் குணப்படுத்தவில்லை, அதைப் படுத்தாமல் விட்டது, அவ்வளவுதான்.