நாலு நாள் கையில் இருக்கிறது: பிளேனா, பஸ்ஸா, பிரித்து எடுப்பதா?

வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு, அதோடு சம்பளத்தோடு கூடிய லீவு மூன்று நாள் பாக்கி. வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம்மில் பலருக்கு வருஷத்தின் நடுவில் கிடைப்பது இவ்வளவுதான். ஊருக்குப் போய்வர இது போதாது, வழியிலேயே பாதி கரைந்துவிடும். அப்படியென்றால் மிச்சம் மூன்று வழி: பிளேன் ஏறிப் பக்கத்து நாட்டுக்குப் போவது, இருக்கிற நாட்டுக்குள்ளேயே பஸ்ஸில் போவது, மூன்று லீவையும் மூன்று வாரங்களுக்குப் பிரித்து வார லீவோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வது. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

செலவைச் சொல்வதற்கு முன் ஒன்று. நாட்டுக்கு நாடு காசு வேறு, அதனால் ஒரு நாள் அடிப்படைக் கூலியையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். பலர் கணக்கில் சேர்க்க மறப்பது ஓ.டி. லீவு நாளுக்கு அடிப்படைச் சம்பளம் வரும், ஓ.டி. வராது. தினமும் இரண்டு மணி நேரம் ஓ.டி. பார்க்கிறவருக்கு மூன்று நாளில் ஆறு மணி நேரம் போகிறது; ஒன்றேகால் மடங்கு கூலி என்றால் ஏழரை மணி நேரச் சம்பளம், ஏறக்குறைய ஒரு முழு நாள் கூலி. எங்கே போனாலும், ரூமிலேயே படுத்திருந்தாலும் இந்த ஒரு நாள் கூலி போகத்தான் போகிறது.

முதலில் பிளேன். டிக்கெட் விளம்பரத்தைப் பார்த்தால் பஸ்ஸை விடக் கொஞ்சம்தான் கூட என்று தோன்றும். நானும் ரூம் நண்பரும் போன பயணத்தின் கணக்கு இது, ஆளுக்கு: போக வர டிக்கெட் ஐந்து நாள் கூலி, விசா இரண்டு, இரண்டு பக்கமும் விமான நிலையம் போய்வர ஒன்று, இருவர் பகிர்ந்த ரூம் மூன்று இரவுக்கு மூன்று, சாப்பாடும் உள்ளூர்ச் செலவும் மூன்று. பதினான்கு ஆயிற்று, ஓ.டி. இழப்போடு பதினைந்து. அரை மாசச் சம்பளம்! இதில் பையை நாங்கள் சேர்க்கவில்லை, ஏனென்றால் மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் ஏழு கிலோ கைப்பை மட்டும்தான் அனுமதி, அதற்குள்ளேயே அடக்கிக்கொண்டோம். அதிகமாகக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் டிக்கெட் போடும்போதே பைக்கும் சேர்த்துக் கட்டிவிடுங்கள், கவுண்டரில் போய்க் கட்டினால் கூடுதலாகப் பிடுங்குவார்கள்.

நேரத்தையும் பாருங்கள். ரூமிலிருந்து விமான நிலையம் ஒரு மணி, அங்கே மூன்று மணி முன்னதாக, பறப்பது மூன்று மணி, இறங்கி வரிசையில் நின்று தங்குமிடம் சேர இரண்டு மணி. ஒரு பக்கம் ஒன்பது, இரண்டு பக்கமும் பதினெட்டு மணி நேரம். நாலு நாளில் நாம் கண் விழித்திருக்கும் நேரத்தில் ஒரு நாளுக்கும் மேல் இதிலேயே போய்விடுகிறது.

பணத்தை விடப் பெரிய விஷயம், திரும்பி உள்ளே வர முடியுமா என்பது. சில நாடுகளில் வேலை விசா ஒரே தடவை நுழைவதற்கு மட்டும்தான், மறுநுழைவு அனுமதி வாங்காமல் வெளியே போனால் விசாவே போய்விடும். வேலை அனுமதி அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் சமயத்தில் கிளம்பவே கிளம்பாதீர்கள். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாசமாவது செல்லுபடி இருக்கவேண்டும் என்று கேட்கும். அப்புறம், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது? அதை வைத்திருக்கும் உரிமை நமக்குத்தான். வீட்டு வேலை செய்வோருக்கு 2011-இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் ஒப்பந்தம் 189 அதை எழுத்திலேயே சொல்கிறது. ஆனால் நடைமுறையில் ஆபீஸ் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி ஆஃபர் முடியப்போகிறதே என்று டிக்கெட்டைப் போட்டுவிட்டு அப்புறம் பாஸ்போர்ட் கேட்டான். கையெழுத்துப் போடவேண்டியவர் லீவில் இருந்தார். பிளேன் அவன் இல்லாமலே போயிற்று, மலிவு டிக்கெட் என்பதால் பணமும் திரும்பவில்லை. அதனால் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட்.

பஸ்ஸுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அனுமதி அட்டை பையில் இருந்தால் போதும். ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தோம்: போக வர ஒரு நாள் கூலி, இரண்டு இரவு ரூமுக்கு இரண்டு, சாப்பாட்டுக்கு இரண்டரை, உள்ளூரில் சுற்ற ஒன்று. ஓ.டி. இழப்போடு ஏழரை, அதாவது பிளேன் செலவில் சரியாகப் பாதி. ஒரு இரவு ரூம் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று முதல் தடவை ராத்திரி பஸ் ஏறினோம். விடிகாலை நாலரைக்கு இறக்கிவிட்டான், ரூம் தருவது மதியம் இரண்டு மணிக்கு. ஒன்பதரை மணி நேரம் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்து பெஞ்சில் தூங்கி வழிந்ததில் முதல் நாளே வீணாகிவிட்டது. அடுத்த தடவை காலை பஸ்ஸில் போனோம், மதியம் இறங்கி நேராக ரூமுக்கு.

இனி லீவை எந்தப் பக்கம் வைப்பது என்பது. சில கம்பெனிகளில் வார லீவுக்கு முன்னும் பின்னும் லீவு போட்டால் நடுவில் இருக்கிற வார லீவையும் லீவாகப் பிடித்துக்கொள்வார்கள், மூன்று கொடுத்த இடத்தில் நாலு போய்விடும். ஒரே பக்கமாக வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. நான் எப்போதும் லீவை முன்னால் போட்டு வார லீவைக் கடைசியில் வைக்கிறேன். ஞாயிறு வார லீவு என்றால் வியாழன், வெள்ளி, சனி லீவு. சனி ராத்திரி ரூமுக்குத் திரும்பி, ஞாயிறு முழுவதும் துணி துவைத்துத் தூங்கி எழுந்து, திங்கள் டூட்டி. பஸ்ஸோ பிளேனோ பல மணி நேரம் தாமதமானாலும் அந்த ஞாயிறு தாங்கிக்கொள்ளும். ஒரு முறை இதை மாற்றி வைத்து, டூட்டி அன்று விடிகாலை நாலு மணிக்கு இறங்கி, ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, அப்படியே போய்ச் சாரம் ஏறினேன். இரண்டாவது தட்டில் பெல்ட் கொக்கியை மாட்டாமலே நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. ஃபோர்மேன் கீழே வரச் சொல்லி அன்றைக்கு முழுக்கத் தரையில் கம்பி கட்டவைத்தார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பிரித்து எடுப்பதில் ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும், வெளியே தங்கினால் ஒரே இரவுதான், ரூம் செலவு குறையும். ஆனால் மூன்று தடவையும் பயணம் போனால் பஸ் காசு மூன்று மடங்கு. ஒரு தடவை மட்டும் வெளியே போய், மற்ற இரண்டு தடவை நன்றாகத் தூங்குவது என்றால் இதுதான் எல்லாவற்றிலும் மலிவு. பன்னிரண்டு மணி நேர நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இதையே சொல்வேன், ஏனென்றால் ஷிஃப்ட் முடிந்து வரும் முதல் பகல் தூக்கத்திலேயே போகும், வார லீவு ஒரு நாள் மட்டும் என்றால் அவர்களுக்கு அரை நாள்தான் மிஞ்சும். சூப்பர்வைசரும் மூன்று நாள் சேர்த்துக் கேட்டால் யோசிப்பவர், ஒரு நாள் என்றால் உடனே கையெழுத்துப் போடுவார்.

என்னைக் கேட்டால் இந்த வருஷம் பஸ்தான். விசாவில் திரும்ப நுழையும் அனுமதி உறுதியாக இருந்து, பாஸ்போர்ட்டும் கையில் இருந்து, அரை மாசச் சம்பளம் போனாலும் வீட்டுக்கு அனுப்புகிற பணம் குறையாது என்றால் மட்டும் பிளேன். நாங்கள் இருவரும் அடுத்த மாசம் மூன்றாவது வாரத்துக்கு லீவு ஃபார்ம் கொடுத்தாயிற்று, வியாழனிலிருந்து சனி வரை.